படலையடியில் நின்ற ஸலாம்

தென்மேற்கிலிருந்து கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் எங்கள் கற்பிட்டிப் பக்கத்தில் தகரக் கூரையின் மேல் மணல் விழும் சத்தம் சட்டியில் எள் வறுபடுகிற மாதிரிப் பகல் முழுக்கக் கேட்டுக்கொண்டே இருக்கும். அந்தச் சத்தத்துக்குள் மனிதர் பேச்சு பாதிதான் காதில் விழும், மீதியை உதட்டைப் பார்த்துத்தான் பிடிக்க வேண்டும். போன வருடம் அப்படி ஒரு பின்னேரம், பல்கலைக்கழக விடுமுறைக்கு ஊருக்கு வந்து, மாம்புரிப் பக்கத்தில் ஒரு தங்குமிடத்தின் வரவேற்பு மேசையில் உட்கார்ந்திருந்தேன். களப்பில் பட்டத்தைப் பிடித்துக்கொண்டு தண்ணீர்மேல் பாயும் விளையாட்டுக்கு வெள்ளைக்காரர் வந்து குவிகிற காலம் அது. செக் நாட்டுப் பொடியன் ஒருவன் உப்புத் தண்ணீர் சொட்டச் சொட்ட உள்ளே வந்து தன் கூட்டாளியைப் பார்த்து "அஹோய்!" என்றான். கொஞ்ச நேரம் இருந்து எதையோ கதைத்துவிட்டு, வெளியே போகும்போது திரும்பிப் பார்த்து மறுபடியும் "அஹோய்!" என்றான்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அடுத்த நாள் அவனை மறித்துக் கேட்டேன். அவர்களுடைய மொழியில் சந்திக்கும்போதும் பிரியும்போதும் அந்த ஒரே சொல்தானாம். அது கப்பற்காரர் தூரத்துக் கப்பலைக் கூப்பிடும் சொல். ஆற்றில் ஓடம் விட்டுத் திரிந்த இளைஞர் வாய்வழியே ஊருக்குள் பரவியது என்று சொல்வார்களாம். "எங்கள் நாட்டுக்குக் கடலே இல்லை, ஆனால் நாங்கள் எல்லாரும் கப்பற்காரர்" என்று சிரித்தான். நான் சிரிக்கவில்லை. என் மனம் அதற்குள் மிளகாய்த் தோட்டத்தைத் தாண்டி, எங்கள் பழைய வீட்டு வாசலின் தகரப் படலையடியில் போய் நின்றுவிட்டது. அங்கே சாச்சா நின்றார். வாய் திறந்து ஒரு ஸலாம் சொல்லிவிட்டு, பதிலுக்காக நின்றார்.

அது நான் ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசில் பரீட்சை எழுதிய வருடம். வாப்பாவும், வாப்பாவின் ஒரே தம்பியான சாச்சாவும் பக்கத்துப் பக்கத்துத் தோட்டக்காரர். இருவருக்கும் நடுவில் ஒரு கிளிசரியா மர வேலி. எங்கள் நிலத்தைத் தெரியாதவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும்: இங்கே நல்ல தண்ணீர், மணலுக்கு அடியில் உப்புத் தண்ணீரின் மேல் ஒரு மெல்லிய ஆடைபோல மிதக்கிறது, பாலின் மேல் ஆடை கிடக்கிற மாதிரி. அளவாக அள்ளினால் ஆடை வரும், ஆசைப்பட்டு இழுத்தால் அடியில் கிடப்பது மேலே வந்துவிடும். சாச்சா வேலியோரமாகக் குழாய்க் கிணறு அடித்து, பெரிய "மோட்டர்" ஒன்றைப் பூட்டி இரவு பகலாக இறைத்தார். அந்தக் கோடையில் எங்கள் கிணறு உவர்த்தது. பூத்து நின்ற மிளகாய்க் கன்றுகள் இலை நுனி கருகி, சுருண்டு, நின்ற நிலையிலேயே செத்தன. வாப்பா அவற்றைப் பிடுங்கக்கூட இல்லை. "கிடக்கட்டும், அவன் கண்ணால பாக்கட்டும்" என்றார்.

அதிலிருந்து இருவருக்கும் இடையில் ஸலாம் நின்றது.

எங்கள் ஆட்களுக்கு அது எவ்வளவு பெரிய காரியம் என்று எப்படிச் சொல்வது? சண்டை பிடிக்கலாம், ஏசலாம், வேலியை வெட்டலாம். ஆனால் ஸலாம் நின்றுவிட்டால் ஊரே குரலைத் தாழ்த்திக்கொள்ளும். "ஸலாம் கலாம் இல்ல" என்று ஒரு பேச்சு. ஒரு முஸ்லிம் தன் சகோதரனை மூன்று நாளுக்கு மேல் வெறுத்து ஒதுக்கக் கூடாது, இருவரில் முதலில் ஸலாம் சொல்கிறவரே சிறந்தவர் என்று பள்ளிவாசலில் சொல்வார்கள். அந்த மூன்று நாள் போய், எத்தனையோ மூன்று நாட்கள் போய்விட்டன. பெருநாள் தொழுகையில் இருவரும் ஒரே வரிசையில் வந்துவிடாதபடி உம்மாவும் சாச்சாவின் மனைவி சாச்சியும் தங்களுக்குள் நேரம் பேசி அனுப்புவார்கள்.

சாச்சாவுக்கு நெஞ்சு வருத்தம் என்று கேள்விப்பட்டோம். பிறகு, கொழும்பு ஆஸ்பத்திரியில் நெஞ்சைத் திறக்கப்போகிறார்கள் என்று கேள்விப்பட்டோம். உம்மா அதைச் சோற்றுக் கோப்பையை வைக்கும்போது சொன்னாள். வாப்பா சோற்றைப் பிசைந்தபடியே இருந்தார். பிசைந்தது பிசைந்ததுதான், வாய்க்குப் போகவில்லை.

கொழும்புக்குப் போக முந்திய நாள், பின்னேர அஸர் தொழுகைக்குப் பிறகு, சாச்சா வந்தார்.

பெரிய பயணம் போகிறவர்களும், உயிர் போகுமோ நிற்குமோ என்ற காரியத்துக்குப் போகிறவர்களும் வீடு வீடாகப் போய், செய்த பிழைகளுக்கு "மாப்பு" கேட்பது எங்கள் வழக்கம். அவர் எல்லா வீட்டுக்கும் போய்விட்டு எங்கள் வீட்டைக் கடைசிக்கு வைத்திருந்தார் என்பது பிறகுதான் தெரிந்தது. வாப்பா விறாந்தையில் கதிரையில் இருந்து தண்ணீர்க் குழாயின் வெடிப்பை ரப்பர் பட்டியால் சுற்றிக்கொண்டிருந்தார். படலைக்கு வெளியே மெலிந்துபோன ஒரு உருவம் நின்றது. காற்றை மீறிக் கேட்கும்படி "அஸ்ஸலாமு அலைக்கும்" என்றார் சாச்சா.

"வஅலைக்குமுஸ்ஸலாம்!" குசினிக்குள், அடுப்படியில் இருந்து உம்மா.

சொன்ன வேகத்தில் உம்மா நாக்கைக் கடித்துக்கொண்டதை நான் பார்த்தேன். ஏன் என்று அப்போது விளங்கவில்லை. இப்போது விளங்குகிறது, அதைத்தான் இங்கே சொல்ல வேண்டும். ஸலாம் சொல்வது விருப்பத்துக்குரிய நன்மை. ஆனால் சொல்லப்பட்ட ஸலாத்துக்குப் பதில் சொல்வது கடமை. ஒரு கூட்டத்தைப் பார்த்துச் சொன்னால் கூட்டத்தில் ஒருவர் பதில் சொன்னால் போதும், மற்றவர் தலையிலிருந்து கடமை இறங்கிவிடும். உம்மா பழக்கத்தில் சொன்ன அந்த ஒற்றைப் பதில், வாப்பாவுக்கு ஒரு குடையை விரித்துக் கொடுத்துவிட்டது. அவர் அதன் கீழே வசதியாக உட்கார்ந்துகொண்டார். குற்றமும் இல்லை, குனியவும் தேவையில்லை. ரப்பர் பட்டியை இன்னொரு சுற்றுச் சுற்றினார்.

சாச்சா உள்ளே வந்து, விறாந்தையின் மற்றக் கரையில் இருந்த வாங்கில் அமர்ந்தார். நான் நடுவில். இருவருக்கும் நான் தபால்காரி.

"மகள், வாப்பாட்ட சொல்லுங்கோ, நாளைக்கு விடிய கொழும்புக்குப் போறன் எண்டு."

வாப்பா முகத்தைத் திருப்பாமல், "அவருக்கென்ன, அவர்ட கிணத்துத் தண்ணி இனிப்பெண்டு ஊரெல்லாம் கதை. டொக்டர்மாருக்கும் ஒரு போத்தல் கொண்டுபோகச் சொல்லு" என்றார்.

சாச்சா சிரித்தார். சிரிப்பு இருமலில் முடிந்தது. "சொல்லுங்கோ மகள், அந்தத் தண்ணியக் குடிச்சுத்தான் நெஞ்சு இப்படி ஆயிட்டு எண்டு."

கிணறு உவர்த்த பிறகு குடிதண்ணீர் எங்களுக்குப் பவுசர் லொறியில்தான் வந்தது; அதில் ஊற்றிய தேத்தண்ணியோடு உம்மா வந்தாள். வாப்பா கையை நீட்டி மறித்தார். "பவுசர் தண்ணியிலயா ஊத்தின? நம்மட கிணத்துத் தண்ணியில ஊத்திக் குடு. நம்மட வீட்டுக்கு வந்தவர் நம்மட தண்ணியத்தானே குடிக்கணும்."

"உப்பு ஆகாது எண்டு சொல்லியிருக்காங்களே" என்றாள் உம்மா. அவள் குரலில் கெஞ்சல் இருந்தது. வாப்பா நீட்டிய கையை எடுக்கவில்லை. உம்மா திரும்பிப் போனாள்.

அந்தக் கோப்பை வந்தது. அந்தத் தண்ணீரில் ஊற்றினால் பிளேன்டீ கறுக்காது, கலங்கி ஒரு மண் நிறத்தில் நிற்கும். சீனி எவ்வளவு போட்டாலும் தொண்டையில் ஒரு கரகரப்பு. சாச்சா ஒரு வாய் குடித்தார். முகம் கோணவில்லை. இன்னொரு வாய். நான் அவருடைய தொண்டைக் குழி ஏறி இறங்குவதையே பார்த்துக்கொண்டிருந்தேன். கோப்பை பாதிக்கு வந்தது. அவர் நிறுத்துவதாக இல்லை. வாப்பாவின் கையில் ரப்பர் பட்டி அப்படியே நின்றது.

"மகள்," என்றார் வாப்பா, "போதும் எண்டு சொல்லு."

நான் சொல்லவில்லை, சொல்லத் தேவையும் இருக்கவில்லை. சாச்சா கோப்பையை வாங்கின் மேல் வைத்தார். "மச்சி, மாப்புச் செய்யுங்கோ" என்றார் உம்மாவிடம். பிறகு வாப்பா இருந்த பக்கமாகப் பார்த்து, யாருக்கும் இல்லாத மாதிரி, "மோட்டர நிப்பாட்டிட்டன். கழட்டிப் போட்டாச்சி. பூட்டின அண்டைக்கே செய்திருக்கணும்" என்றார். வாப்பா குழாயைப் பார்த்தார். காற்று. தகரத்தில் மணல்.

சாச்சா எழும்பினார். செருப்பைப் போட்டுக்கொண்டார். முற்றத்தில் இறங்கிப் படலை வரைக்கும் போய், படலையைத் திறந்து, திரும்பி நின்றார்.

இந்த இடத்தில் கொஞ்சம் நிறுத்துகிறேன். இந்த இடத்துக்காகத்தான் எழுதவே தொடங்கினேன்.

சாதாரணமாக எங்கள் ஊரில் போகிறவர்கள் "போயிட்டு வாறன்" என்றுதான் சொல்வார்கள். சிங்களத்திலும் அப்படித்தான், "கிஹின் என்னம்", போய் வருகிறேன். அது கால்களைப் பற்றிய பேச்சு. போவதும் வருவதும் அதற்குள்ளேயே இருக்கின்றன. அதனால் அதை வரும்போது சொல்ல முடியாது. வருகிறவரைப் பார்த்து "வாங்கோ" என்பதும் கால்களைப் பற்றியது. அதைப் போகிறவரிடம் சொல்ல முடியாது. திசை சொல்கிற சொல்லுக்கு ஒரு வாசல்தான் உண்டு. ஆனால் சில சொற்கள் திசையையே பேசுவதில்லை. ஸலாம் என்றால் சாந்தி. "உங்கள் மீது சாந்தி" என்பதில் வரவும் இல்லை, போக்கும் இல்லை. அதன் உடன்பிறப்பான ஹீப்ரு "ஷாலோம்" இரண்டு பக்கமும் நிற்கிறது. ஹவாய்க்காரரின் "அலோஹா" அன்பு என்கிறது, இரண்டு பக்கமும் நிற்கிறது. சிங்களத்தின் "ஆயுபோவன்" நீண்ட ஆயுளை வேண்டுகிறது. வேண்டுதலுக்கு நேரம் காலம் கிடையாது. நம் "வணக்கம்" மேடைப் பேச்சின் தொடக்கத்திலும் வருகிறது, முடிவிலும் வருகிறது, ஏனென்றால் அது பணிவு. வந்தாலும் பணிவு, போனாலும் பணிவு. இத்தாலிக்காரரின் "சாவ்" கூட வெனிஸ் நகரத்துப் பேச்சில் "உங்கள் அடிமை" என்ற சொல்லிலிருந்து தேய்ந்து வந்தது. ஆஸ்திரியாவில் சொல்லும் "ஸேர்வுஸ்" லத்தீனில் அதே அடிமை. யாரும் இன்று அடிமை என்று நினைத்துச் சொல்வதில்லை. பொருள் தேய்ந்துவிடும், சந்திப்பின் ஓரங்களைத் தைக்கிற வேலை மட்டும் மிஞ்சும்.

ஓரங்களை ஏன் தைக்க வேண்டும்? ஒரு சந்திப்பில் ஆபத்தான இடங்கள் இரண்டு: நெருங்கும் நொடியும் விலகும் நொடியும். நெருங்கும்போது, இவன் கையில் என்ன இருக்கிறது என்ற பயம். விலகும்போது, இவன் முதுகுக்குப் பின்னால் என்ன சொல்வான் என்ற பயம். முன்னால் இருக்கும்போதும் என்னால் உனக்குத் தீங்கில்லை, கண்ணுக்கு மறைந்த பிறகும் தீங்கில்லை என்று இரண்டு தடவையும் ஒரே உறுதியைத்தான் கொடுக்க வேண்டியிருக்கிறது. அதனால் ஒரே சொல் போதுமாகிறது. கப்பற்காரரின் "அஹோய்" சாந்தியும் சொல்வதில்லை, பணிவும் சொல்வதில்லை. நான் இங்கே இருக்கிறேன், நீ கேட்கிறாயா என்பது மட்டும்தான். அதற்கும் திசை இல்லை. இன்னொன்றும் கவனித்தேன்: ஒரு சொல்லைப் பக்கத்து மொழி கடன் வாங்கும்போது பெரும்பாலும் ஒரு பக்கம் உதிர்ந்துவிடுகிறது. இத்தாலியின் "சாவ்" ஸ்பானிஷ் மொழிக்குப் போய், பெரும்பாலான ஊர்களில் பிரிவதற்கு மட்டும் என்று ஆகிவிட்டது. வந்தவருக்கு அங்கே ஏற்கெனவே ஒரு சொல் இருந்தது.

எங்கள் மௌலவி ஒரு விஷயத்தை அடிக்கடி சொல்வார்: சபைக்கு வரும்போதும் ஸலாம் சொல்லுங்கள், எழும்பும்போதும் சொல்லுங்கள், முதலாவது கடைசியை விட உயர்ந்ததல்ல. சிறுபிள்ளையாக இருந்தபோது அது வெறும் ஒழுக்கப் பாடம். அன்று படலையடியில்தான் அதன் பலம் தெரிந்தது.

சாச்சா "போயிட்டு வாறன்" என்று சொல்லவில்லை. வருவாரா என்பது அவருக்குத் தெரியாது. தெரியாத வாக்கை அவர் கொடுக்கவில்லை. "அஸ்ஸலாமு அலைக்கும்" என்றார். வந்தபோது சொன்ன அதே சொல், அதே குரல்.

நான் வாயைத் திறந்தேன். பின்னால் இருந்து ஒரு கை வந்து என் வாயைப் பொத்தியது. வெங்காயமும் தேயிலையும் மணக்கும் கை. உம்மா என்னைத் தன் வயிற்றோடு சேர்த்து இறுக்கிப் பிடித்தாள். அவளும் பேசவில்லை. உதடுகள் உள்ளே மடிந்து வெள்ளையாகி இருந்தன. மூச்சுக்கூட விடாமல் நின்றாள்.

முதல் தடவை விரித்த குடையை இந்தத் தடவை மடக்கிவிட்டாள். கூட்டத்தில் ஒருவரும் பதில் சொல்லவில்லை. கடமை முழுக்க வாப்பாவின் தலையில் வந்து நின்றது.

வாப்பாவுக்கு அது விளங்கியது. முதலில் குசினிப் பக்கம் பார்த்தார், பதில் அங்கிருந்து வரும் என்று. வரவில்லை. எங்களைப் பார்த்தார். உம்மா அவர் கண்ணையே பார்த்தாள், அசையவில்லை. வாப்பா குழாயைக் கீழே போட்டார். சாச்சா படலையில் கையை வைத்தபடி நின்றார். பிறகு தலையை ஆட்டிவிட்டுத் திரும்பினார். ஒரு கால் வெளியே போய்விட்டது. அந்தக் காலைப் பார்த்துக்கொண்டு நான் உம்மாவின் கைக்குள் அழுதேன். அவள் விடவில்லை.

"வஅலைக்குமுஸ்ஸலாம்."

வாப்பாவின் குரல் எனக்கு அடையாளம் தெரியவில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு, கொஞ்சம் நீட்டி, "வறஹ்மதுல்லாஹி வபறகாத்துஹ்" என்று சேர்த்தார். ஒருவர் சொன்னதை விட அழகாகத் திருப்பிச் சொல்ல வேண்டும் என்பது விதி. சொல்லிவிட்டு, கோபக்காரனைப் போலவே, "நிண்டு யோசிக்கிறியா? வாடா உள்ளுக்கு" என்றார்.

போவதற்காகச் சொன்ன ஸலாத்துக்குக் கிடைத்த பதில், வருகிறவருக்குச் சொல்லும் பதிலேதான். சாச்சா கேட்டது பிரியாவிடை; கையில் விழுந்தது வரவேற்பு. தொடக்கத்தில் பிழையாகிப்போன அந்தச் சந்திப்பு, முடிவில் இருந்து தொடங்கியது. பிரிவதற்கு வேறொரு சொல் இருந்திருந்தால் வாப்பாவின் பதில் படலையைச் சாத்தியிருக்கும், அவ்வளவுதான்.

சாச்சா உள்ளே வந்து வாப்பாவுக்குப் பக்கத்தில் நிலத்திலேயே இருந்தார். "நானா" என்று அண்ணனைக் கூப்பிட்டார். வாப்பா, "குந்தாத, வெறும் சீமெந்து, குளிரும்" என்றார். உம்மா பவுசர் தண்ணீரில் புதுசாகத் தேத்தண்ணி ஊற்றினாள். பொழுது பட்டதும் மஃரிபுத் தொழுகைக்கு இருவரும் ஒன்றாகப் பள்ளிவாசலுக்குப் போனார்கள். மற்ற ஸலாத்துக்கு, அதாவது திரும்பி வந்து சாச்சா உண்மையாகவே போகும்போது சொன்னதற்கு, நாங்கள் மூன்று பேரும் ஒரே நேரத்தில் கத்திப் பதில் சொன்னதில் காகம் பறந்தது.

பிறகொரு நாள் உம்மாவிடம் கேட்டேன். "முதலாவத நான் அவசரத்துல எடுத்துட்டன்" என்றாள், மீனைச் செதில் தட்டியபடியே. "ரெண்டாவத உங்கட வாப்பாவுக்கு விட்டன். அதுக்கு மேல அல்லாஹ்ட வேல."

சாச்சா பிழைத்தார். திரும்பி வந்து, நெஞ்சில் நீளத் தழும்போடு, சட்டைப் பொத்தானைத் திறந்துவைத்துக்கொண்டு ஊர் முழுக்கத் திரிந்தார். இரண்டு தோட்டத்துக்கும் சேர்த்து ஒரு சின்ன மோட்டர், முறை வைத்து இறைத்தார்கள். ஆனால் உவர்த்த கிணறு உடனே மாறவில்லை. ஆடை ஒரு தடவை கிழிந்தால் மீண்டும் படிவதற்கு மழை பல வேண்டும். இரண்டு மாரி போன பிறகுதான் வாப்பா அதில் வாய் கொப்பளித்துப் பார்த்துத் தலையசைத்தார்.

இன்று அந்த வேலி இல்லை. தோட்டம் விற்றுப்போய், தங்குமிடங்கள் வந்துவிட்டன. வருகிறவர்களுக்கு "ஹாய்", போகிறவர்களுக்கு "பாய்" என்று எங்கள் பிள்ளைகளும் இரண்டு வாசல் வைத்துக்கொண்டார்கள். தொலைபேசியில் ஸலாம் ஒரு பூப்படமாக வருகிறது, பதிலுக்கு ஒரு பெருவிரல் போகிறது. யாரும் யாருடைய பதிலுக்காகவும் படலையில் கை வைத்து நிற்பதில்லை. சாச்சாவும் இல்லை. அந்தத் தழும்போடு பல வருடம் இருந்துவிட்டு, போன வருட நோன்புக்கு முன்னால் உறக்கத்தில் போய்விட்டார்.

வாப்பா வெள்ளிக்கிழமைகளில், சாச்சாவை அடக்கிய மையவாடிக்குப் போகிறார். கபுறுகளின் முன் நிற்பவர்களும் ஸலாம்தான் சொல்ல வேண்டும், உயிரோடு இருப்பவர்களுக்குச் சொல்வது போலவே. உலகத்தை விட்டுப் போனவரைப் பார்த்து, வந்தவருக்குச் சொல்லும் சொல். செக் பொடியன் வந்த அந்த வாரம்தான் வாப்பாவிடம் துணிந்து கேட்டேன்: "சொல்லிட்டு நீங்க கன நேரம் நிக்கிறீங்களாமே, என்ன ஓதுறீங்க?"

"ஒண்டும் ஓதல்ல" என்றார். "அண்டைக்கு நான் அவனக் காக்க வெச்சன். இப்ப அவன்ட முறை. நிக்கிறன்."

பெண்கள் உள்ளே போவது எங்கள் பக்கத்தில் வழக்கமில்லை. மையவாடி மதில் என் நெஞ்சளவுக்குத்தான் வரும். வரும் வெள்ளிக்கிழமை வாப்பாவோடு போய் மதிலுக்கு வெளியே நிற்கப்போகிறேன். அவர் சொன்ன பிறகு நானும் சொல்லிப் பார்க்கப்போகிறேன். என் வாயைப் பொத்த இப்போது யாரும் இல்லை. சொல்லிவிட்டு எவ்வளவு நேரம் நிற்பது என்பதுதான் இன்னும் தெரியவில்லை.